நார்க் கம்பு, மூங்கில் கூடை: ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற லேபிள் வில்லங்கமானால் எங்கே பார்ப்பது, எப்படித் திருத்துவது

பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் நார் ஆலைகளை ஒட்டி வீட்டுத் தொழிலாகக் கால்மிதி, தொங்குதொட்டி, மணி பிளாண்ட் ஏற்றும் நார்க் கம்பு செய்கிறவர்கள் அநேகம். கொள்ளிடக் கரை ஊர்களில் மூங்கில் கூடை, முறம் முடைகிறவர்கள் இருக்கிறார்கள். சரக்கு கடைத்தெருவில் விற்றவரை லேபிள் தேவைப்படவில்லை. இணையத்தில் ஏற்றும்போதுதான் ‘இகோ ஃப்ரெண்ட்லி’, ‘100% இயற்கை’, ‘மக்கக்கூடியது’ என்று நாலு வார்த்தை சேர்க்கிறோம். அச்சகத்துக்காரரே டிசைனோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுவதும் உண்டு. பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் கேள்வி வருகிறது.

வந்திருக்கும் கேள்வி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். உதாரணத்துக்கு இரண்டடி உயர நார்க் கம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய லேபிள்: “100% இயற்கை. இகோ ஃப்ரெண்ட்லி. பிளாஸ்டிக் இல்லை. மக்கக்கூடியது.” இந்த நாலில் எது நிற்கும், எது விழும் என்று பார்ப்பதுதான் வேலை.

“ஆதாரம் அனுப்புங்கள்” என்று இணையக் கடை பட்டியலை நிறுத்திவைத்திருக்கிறது

காரணம் பெரும்பாலும் ‘இகோ ஃப்ரெண்ட்லி’ என்ற ஒற்றை வார்த்தை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று சான்றில்லாமல் பொருளை இயற்கைக்கு உகந்ததாகக் காட்டும் ‘பசுமைப் பூச்சு’ விளம்பரங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பச்சை, இகோ ஃப்ரெண்ட்லி, இயற்கையானது, ஆர்கானிக், நிலைத்தன்மை உடையது போன்ற பொதுச் சொற்களை வெறுமனே போடக் கூடாது, எதனால் அப்படிச் சொல்கிறோம் என்ற விளக்கமும் சான்றும் கூடவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த விளக்கம் லேபிளிலேயே இருக்கலாம். இடம் போதாவிட்டால் கியூஆர் குறியீடு வழியாகவோ இணைய முகவரி வழியாகவோ கொடுக்கலாம். சொல்வது முழுப் பொருளுக்கா, அதன் ஒரு பாகத்துக்கா, செய்யும் முறைக்கா, பொட்டலத்துக்கா, பயன்படுத்தும் விதத்துக்கா, தூக்கிப்போடும் விதத்துக்கா என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

‘வீட்டுத் தொழில்தானே, நம்மையா பார்க்கப் போகிறார்கள்’ என்று இருந்துவிட முடியாது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. மறுபடி அதே தவறு நடந்தால் 50 லட்சம் வரை போகும். அது வருவதற்கு முன்பே கடை பட்டியலை முடக்கிவிடும் என்பது வேறு கதை.

சரிசெய்ய எளிய வழி, அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, அதை எழுதும்போது மனதில் என்ன நினைத்தீர்களோ அதை எழுதுவது. நார்க் கம்பில் நீங்கள் நினைத்தது “தேங்காய் உரித்த மட்டையிலிருந்து எடுத்த நார்” என்பது. அதையே போடுங்கள். மட்டை எங்கிருந்து வந்தது என்று ஆலையின் ரசீது சொல்லும், ஆகவே சான்றும் கைவசம் இருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. “டெல்டா தென்னையிலிருந்து” என்று எழுத ஆசை வரும். வருஷம் முழுக்க ஒரே ஆலையில் வாங்கி, அந்த ஆலையும் உள்ளூர் மட்டையை மட்டுமே அடித்தால் எழுதலாம். மட்டை கிடைக்காத மாதங்களில் பொள்ளாச்சி நார் லாரியில் வந்து இறங்குகிறதென்றால் ஊர்ப்பெயரை விட்டுவிடுவது நல்லது.

லேபிளில் வட்டமாக ஒரு பச்சை இலை முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரும் தராத முத்திரையை நாமே வரைந்து போட்டால் அது சான்றிதழ் போலத் தோன்றும். அரசு தரும் ஈகோமார்க் முத்திரைக்கு 2024இல் புதிய விதிகள் வந்திருக்கின்றன; விண்ணப்பித்து, சோதனையில் தேறினால்தான் அது கிடைக்கும். இலைப் படம் அழகுக்குத்தான் என்று சொன்னால் எடுபடாது. தென்னை மரப் படமோ மட்டைப் படமோ போட்டால் அந்தக் குழப்பமே வராது.

“உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே” என்று வாடிக்கையாளர் படம் போட்டிருக்கிறார்

நார்க் கம்பில் அடிக்கடி வரும் புகார் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் கம்புகளில் பல, பிவிசி குழாயின் மேல் நாரைச் சுற்றி நைலான் நூலால் இறுக்கியவை. வெளியே பார்த்தால் நார் மட்டும்தான் தெரியும். செய்கிறவர்களுக்குக் குழாய் ஒரு பொருட்டாகத் தெரியாததால்தான் ‘பிளாஸ்டிக் இல்லை’ என்ற வார்த்தை எளிதாக வந்துவிடுகிறது.

முதலில் ஒரு கம்பைப் பிரித்துப் பாகம் பாகமாகத் தராசில் வையுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். நம் உதாரணக் கம்பில் இப்படி வருகிறது: நார் 110 கிராம், பிவிசி குழாய் 92, அடிமூடி 5, நைலான் நூல் 3. மொத்தம் 210. ஆக நார் எடையில் 52 சதவீதம், பிளாஸ்டிக் 48 சதவீதம். பாதிக்குப் பாதி பிளாஸ்டிக்காக இருக்கும் பொருளில்தான் ‘பிளாஸ்டிக் இல்லை’ என்று எழுதியிருக்கிறது.

ஒரு கம்போடு நிறுத்தாதீர்கள். கையால் சுற்றுவதால் நாரின் எடை ஆளுக்கு ஆள் மாறும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆள் சுற்றிய பத்துக் கம்புகளை எடுத்துப் பிரித்து எடை பாருங்கள். ஒன்றில் நார் 90 கிராம்தான் இருந்தால், அதில் நாரின் பங்கு 47 சதவீதத்துக்கு வந்துவிடும். அதனால் லேபிளில் சராசரியைப் போடாமல், மிகக் குறைந்ததையும் சற்றே இறக்கி “குறைந்தது 45%” என்று போடுவதுதான் பாதுகாப்பு. எடை பார்க்கும் முன் நாரை நன்றாக வெயிலில் காயவைக்க வேண்டும். நார் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் எடுத்த எடை சித்திரை எடையைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்தக் கூடுதல் நார் அல்ல, தண்ணீர்.

நூலோ அடிப்பூச்சோ என்ன பொருள் என்று தெரியாவிட்டால் அதை வாங்கின கடையிலேயே கேட்டு எழுதி வாங்குவதுதான் முறை. அது கிடைக்கும்வரை நீங்களே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். நூலின் நுனியைச் சுடரில் காட்டுங்கள். தென்னை நாரோ பருத்தியோ சணலோ என்றால் எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். நைலான், பாலியெஸ்டர், பாலிப்ராப்பிலீன் எல்லாம் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். உருகுகிற நூலைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி போக்கி விட்டால் பாலிப்ராப்பிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும்.

கால்மிதியின் அடிப்பக்கம் ரப்பரா பிவிசியா என்ற சந்தேகத்துக்கு ஒரு செம்புக் கம்பி போதும். காற்றோட்டமான வெளியிடத்தில் கேஸ் பர்னரின் நீலச் சுடரில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சுங்கள். சுடரில் பச்சை நிறம் எதுவும் வராத அளவுக்குக் காய்ந்ததும் அதை அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி தொட்டுவிட்டு மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. கால்மிதி விஷயத்தில் அது கிட்டத்தட்ட எப்போதும் பிவிசிதான். புகையை முகர வேண்டாம். கடுகளவு ஒட்டினாலே சோதனைக்குப் போதும்.

இனி இரண்டு வழி. குழாயை வைத்துக்கொண்டே உண்மையை எழுதுவது ஒன்று. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிவிசி குழாய் ஈரத்தில் உளுக்காது, பல வருஷம் நிற்கும். லேபிள் இப்படி இருக்கலாம்:

“வெளிச்சுற்று: தேங்காய் மட்டை நார், எடையில் குறைந்தது 45%. உள்ளே பிவிசி குழாயும் மூடியும், கட்டுவது நைலான் நூல். நார் தேய்ந்தால் குழாயை வைத்துக்கொண்டு புது நார் சுற்றிக்கொள்ளலாம்.”

மற்றொரு வழி, கம்பையே மாற்றுவது. கடற்கரையோரம் சவுக்கு தாராளமாகக் கிடைக்கிறது. குழாய்க்குப் பதில் தோல் சீவின சவுக்குக் கொம்பு, நைலானுக்குப் பதில் நார்க் கயிறு. இப்போது ‘பிளாஸ்டிக் இல்லை’ என்று எழுதிவிடலாமா? அதற்கு முன் பசையைப் பாருங்கள். நார் நழுவாமல் இருக்கக் கொம்பில் வெள்ளைப் பசை தடவுவது வழக்கம். தச்சர்கள் பயன்படுத்தும் அந்த வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட், அதுவும் செயற்கைப் பாலிமர்தான். பசையை விட்டுவிட்டு இரண்டு முனையிலும் கயிற்றை முடிச்சிட்டு ஆணியடித்தால் அந்த வார்த்தை பொருளின் அளவில் நிற்கும். அப்போதும் கூரியர்காரர் போடும் பிளாஸ்டிக் உறையும் செலோடேப்பும் மிச்சம். “கம்பில் பிளாஸ்டிக் இல்லை. அனுப்பும் உறை பிளாஸ்டிக்” என்று இரண்டையும் எழுதிவிட்டால் படம் எடுத்துப் போடுகிறவருக்கு வேலை இல்லை. ‘பிளாஸ்டிக் இல்லை’ என்பதும் வழிகாட்டு நெறிமுறையில் தனியாகச் சான்று கேட்கும் சொற்களில் ஒன்று. அதனால் கம்பு செய்த முறை, வாங்கின பொருள்களின் ரசீது, பிரித்து எடை போட்ட படம் மூன்றையும் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள்.

சவுக்குக்கு மாறினால் ஒரு புதுப் பிரச்சினை வரும். மண்ணுக்குள் இருக்கும் நுனி உளுக்கும், தோட்டத்தில் நட்டால் கரையானும் ஏறும். எத்தனை மாதம் தாங்குகிறது என்று உங்கள் கொல்லையில் நட்டுப் பார்த்துத் தெரிந்ததை லேபிளில் போடுங்கள். ஆறு மாதத்தில் சாய்ந்துவிடும் கம்பை இயற்கையானது என்று விற்றால் வாங்கினவர் அடுத்த தடவை பிவிசிக்கே போவார்.

“ஒரு வருஷம் ஆச்சு, குழியில் போட்டது அப்படியே இருக்கு”

தென்னை நார் மக்கும் என்பது பொய்யில்லை. எவ்வளவு நாளில் என்பதில்தான் ஏமாற்றம். நாரில் லிக்னின் அதிகம், எடையில் நாற்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும். நுண்ணுயிர்களுக்கு எளிதில் பிடிபடாத பொருள் அது. கரையரிப்பைத் தடுக்க வாய்க்கால் சரிவில் நார் வலை விரிக்கிறார்களே, அது வருஷக்கணக்கில் கிழியாமல் நிற்பதும் இதனால்தான். உறுதிக்காகப் பாராட்டும் அதே நாரை, ‘விரைவில் மக்கும்’ என்றும் சொல்ல முடியாது. ஒன்றைச் சொன்னால் மற்றொன்று அடிபடும்.

டெல்டா மண் இதை இன்னும் மெதுவாக்கும். களிமண்ணில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிவிட்டால் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் லிக்னின் மக்குவது மிக மெதுவாகத்தான் நடக்கும். வயல் ஓரத்தில் ஐப்பசிக்கு முன் புதைத்த நார், தை மாதத்தில் கருத்திருக்கும், ஆனால் இழை பிரியாமல் வரும்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காய்ந்த நாரைப் பத்துப் பத்து கிராமாகப் பிரித்து எட்டு சிறு பைகளில் போட்டுத் தைக்க வேண்டும். பை கொசுவலைத் துணியாக இருக்கட்டும், மண்புழு நுழையாவிட்டாலும் நீரும் நுண்ணுயிரும் போகும். அதே போல எட்டுப் பைகளில் வைக்கோல் போடுங்கள். எல்லாவற்றையும் தண்ணீர் தேங்காத மேட்டில், ஒரு சாண் ஆழத்தில் புதைத்து அடையாளக் குச்சி நடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நார்ப் பை, இரண்டு வைக்கோல் பை எடுத்து, மண்ணை மெல்ல அலசி, அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை காயவைத்து எடை போடுங்கள். வைக்கோல் எதற்கு என்றால், அது எளிதில் மக்கக்கூடியது. வைக்கோலே கரையாமல் இருந்தால் குறை மண்ணில். வைக்கோல் கரைந்து நார் மட்டும் நின்றால் நாரின் குணம் அது. பையைக் கரையான் கடித்து ஓட்டை போட்டிருந்தால் அந்தப் பையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தச் சோதனை உங்களை ஒரு தப்பான வார்த்தையிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான். ‘மக்கக்கூடியது’ என்று தைரியமாக அச்சிட ஆய்வகச் சோதனையோ, நம்பத்தகுந்த அறிவியல் சான்றோ, மூன்றாம் தரப்புச் சான்றிதழோ வேண்டும். அதற்குச் செலவு செய்ய முடியாதவர்கள் வார்த்தையை இறக்கி எழுதலாம்: “நார்ப் பாகத்தைப் பிரித்துத் தொட்டியின் அடியிலோ செடி மூட்டிலோ மூடாக்காகப் போடலாம். முழுதும் மக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். குழாயையும் நூலையும் குப்பையில் பிளாஸ்டிக்கோடு சேர்க்கவும்.” படிக்கிறவருக்கு இதில் வேலையும் இருக்கிறது, எதிர்பார்ப்பும் சரியாக இருக்கிறது.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் கறாராகும். அங்குள்ள வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதலில், எந்த நிபந்தனையும் சொல்லாமல் ‘மக்கும்’ என்றால் வழக்கமாகத் தூக்கிப்போடும் முறையில் ஒரு வருஷத்துக்குள் முழுதும் சிதைந்துபோக வேண்டும். குப்பை மேட்டுக்குப் போகும் பொருளுக்கு அது நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்திலும், சான்றில்லாத பொதுப்படைச் சூழல் சொற்களைத் தடைசெய்யும் 2024ஆம் ஆண்டு உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்டது. ஏற்றுமதி முகவர் பழைய லேபிளையே கேட்டால் இந்தத் தேதியைச் சொல்லிப் பேசுங்கள்.

‘கெமிக்கல் இல்லை’ என்ற மூங்கில் கூடை: “வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு”, “மாவு கொட்டுது”

இரண்டும் இரண்டு நோய். கூடையின் அடியில் மைதா போல மெல்லிய பொடி உதிர்ந்து, மூங்கிலில் ஊசி முனை அளவு ஓட்டைகள் இருந்தால் அது உளு. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்ன வரும் சிறு வண்டு துளைத்தது. பொடி இல்லாமல், காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போல வெண்படலம் இருந்து, ஈரத்துணியால் துடைத்ததும் கரைந்துவிட்டால் பெரும்பாலும் அது பூச்சிக்காகப் போட்ட போரான் உப்பு. துடைத்தால் கரையாமல் மெழுகி, பூசணவாடை வந்தால் பூஞ்சை.

கேள்வி வருவது போரான் உப்பில்தான். மூங்கில் உளுக்காமல் இருக்க போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பது பரவலான முறை. மூங்கிலைக் குறைந்த செலவில் காப்பாற்றும் வழிகளில் அது நல்ல வழியும்கூட. ஆனால் அதைச் செய்துவிட்டு ‘கெமிக்கல் இல்லை’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். பலருக்குத் தாங்கள் வாங்கும் மூங்கில் முன்பே மருந்தில் ஊறியதா என்றுகூடத் தெரியாது. பிளாச்சு வாங்கும் இடத்தில் கேட்டு, ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிவிடுங்கள். அது முடியாவிட்டால் அந்த வரியை அச்சிடாமல் விடுங்கள்.

மருந்து போட்டதென்றால் எழுத வேண்டியது: “உளுக்காமலிருக்கப் போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்த மூங்கில். அலங்காரத்துக்கும் துணி வைக்கவும் மட்டும். சாதம், பழம், இட்லி நேரடியாக வைக்க வேண்டாம்.” போரான் உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறும். அதனால் மழையில் நனையும் இடத்துக்கு ‘பூச்சி பிடிக்காது’ என்ற உறுதிமொழியும் தரக்கூடாது.

மருந்தே போடாமல் செய்கிறவர்களும் உண்டு. முற்றின மூங்கிலை வெட்டி ஆற்றிலோ குளத்திலோ சில வாரம் அமுக்கிப் போட்டு எடுப்பது பழைய பழக்கம். தண்ணீரில் மாவுச்சத்து கரைந்துபோவதால் வண்டுக்குத் தீனி குறைகிறது. குறைகிறதே தவிர முழுக்கப் போவதில்லை. ஆகவே “மருந்து போடாத மூங்கில், தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். பொடி உதிர்ந்தால் வெயிலில் காயவைக்கவும்” என்று எழுதுங்கள். கூடைக்குக் கடைசியில் வார்னிஷ் அடித்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பளபளப்பு பெரும்பாலும் செயற்கைப் பிசின்தான்.

மூங்கில் பெயரில் வாங்கி விற்கும் சரக்கில் இன்னொரு பொறி உண்டு. மூங்கில் டூத் பிரஷ்ஷின் கைப்பிடி மூங்கில், தூரிகை இழை பெரும்பாலும் நைலான். இழையைச் சுடரில் காட்டினால் உருகும். கனமாக, பீங்கான் போல வழவழப்பாக இருக்கும் ‘மூங்கில் நார்’ டம்ளர்களில் பல, மூங்கில் பொடி கலந்த மெலமைன் பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அவற்றைச் சந்தையிலிருந்து விலக்கக் கூட்டு நடவடிக்கையே எடுத்தது. ‘மூங்கில் துணி’ என்று வருவதும் பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ். இவற்றை மூங்கில் கூடையோடு ஒரே அலமாரியில், ஒரே வாசகத்தோடு வைக்காதீர்கள். கூடைக்கு இருக்கும் நம்பகமும் போய்விடும்.

நார்த்தூள் கட்டி: “ஆர்கானிக்னு போட்டிருக்கு, நைட்ரேட் காட்டுதே”

இயற்கை விவசாயிகள் சிலர் நைட்ரேட் சோதனைத் தாளோடு வருகிறார்கள். வெறுமனே கழுவின நார்த்தூளில் நைட்ரேட் மிகக் குறைவு. அதில் அதிகமாக இருப்பது பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும்தான். தாளில் நிறம் ஏறினால் தூள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நாற்றங்காலுக்கு அது நல்ல பதம். தூள் பிடித்துவைத்திருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளி வெளியேற்றுகிறது. ஆனால் கால்சியம் நைட்ரேட் ஆலையில் செய்த உப்பு. அதில் ஊறின கட்டியின் மேல் ‘ஆர்கானிக்’ என்று எழுதினால், சான்றிதழ் பெற்ற இயற்கைப் பண்ணையில் அதைப் போடுகிறவருக்கு நீங்கள் நஷ்டம் வைக்கிறீர்கள். “கழுவியது, கால்சியம் நைட்ரேட்டால் பதப்படுத்தியது” அல்லது “நல்ல நீரில் கழுவியது மட்டும்” என்று இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். வாங்குகிறவர் தனக்கு எது வேண்டும் என்று பார்த்துக்கொள்வார்.

எல்லாம் திருத்தியாகிவிட்டது, பழைய வார்த்தை மறுபடி முளைக்கிறது

லேபிளைச் சரிசெய்த பின்னும் புகார் தொடர்ந்தால் லேபிளை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். இணையப் பட்டியலின் தலைப்பு, தேடல் சொற்கள், படத்துக்குள் எழுதின எழுத்து, வாட்ஸ்அப் கேட்டலாக் ஆகியவற்றில் பழைய வாசகம் உட்கார்ந்திருக்கும். தமிழில் திருத்திவிட்டு ஆங்கிலப் பக்கத்தை மறப்பதும் சகஜம். மொத்தமாக வாங்கிச் சென்னையிலோ பெங்களூரிலோ விற்கிறவர் தன் பெயரில் ‘ஜீரோ பிளாஸ்டிக்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதும் உண்டு. அவருக்கு அனுப்பும் விலைப்பட்டியலிலேயே பாகங்களின் எடையையும், எழுதக்கூடிய வாசகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கேள்வி வரும்போது நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று காட்ட அந்தத் தாள் உதவும்.

சவுக்குக் கொம்பும் குழாயும் கலந்து ஓடும் இடைப்பட்ட மாதங்களில் இரண்டு லேபிளும் ஒரே மேசையில் கிடக்கும். கட்டுகிறவர் கைக்கு வந்ததை ஒட்டிவிடுவார். இரண்டுக்கும் தாளின் நிறத்தையே மாற்றிவிடுங்கள், கம்பின் அடியில் கட்டின தேதியையும் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். மிஞ்சின பழைய லேபிளில் தப்பான வரியை மட்டும் மார்க்கரால் அடித்தால் வெளிச்சத்தில் படிக்க முடியும். அந்த வரியின் அளவுக்குப் புது வாசகத்தை ஸ்டிக்கராக அச்சிட்டு மேலே ஒட்டுங்கள். ஆயிரக்கணக்கில் கிடந்தால் மட்டும் இந்த வேலை. நூறு இருநூறு என்றால் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் மலிவு.